ஏற எத்தனை நிமிடம், இறங்க எத்தனை நிமிடம்

தூத்துக்குடியில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சியின் குளிர் அறையைப் பற்றியது இது. நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். உள்ளே சீலா, பாறை, ஊளி, கணவாய் என்று ஆறு டன் அளவுக்கு உறைந்த மீன். மைனஸ் 19 டிகிரிக்கு ஏறினால் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும், மைனஸ் 22-க்கு இறங்கினால் நிற்கும். சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு லாகர், அதிலிருந்து ஒரு கம்பி, கம்பி நுனியில் வெப்பமானி. மீனை மைனஸ் 18-க்கு மேலே ஏற விடவில்லை என்று வாங்குபவர்களுக்குக் காட்ட அந்தப் பதிவு தேவை. மற்றபடி அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. பார்த்தாலும் மூன்று எண்களைத்தான் பார்ப்பார்கள்: அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி.

அந்த மூன்றும் மார்ச் முதல் மே வரை ஏறக்குறைய மாறவே இல்லை. அதே காலத்தில் கம்ப்ரசர் தன் பலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இழந்திருந்தது. இரண்டு செய்தியும் ஒரே கோப்பில்தான் இருந்தன.

முதலில் லாகர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை பதிகிறது என்று பார்த்தேன். அரை மணிக்கு ஒரு முறை என்று வைத்திருந்தார்கள். பேட்டரி மிச்சமாகும் என்று பொருத்தியவர் சொன்னாராம். அந்த அறையில் கம்ப்ரசர் ஓடி, நின்று, மறுபடி ஓட ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. அரை மணிக்கு ஒரு தடவை ஆடும் ஊஞ்சலை அரை மணிக்கு ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்த்தால், அது எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதுபோல்தான் தெரியும். சுற்று 30 நிமிடமாக இல்லாமல் 29 நிமிடமாக இருந்தால் இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு பதிவும் சுற்றில் ஒரு நிமிடம் தள்ளி விழுந்து விழுந்து, பதினான்கரை மணி நேரத்தில் மெல்ல ஏறி இறங்கும் ஒரு பெரிய அலையை வரைந்து காட்டும். பார்ப்பவர் பகல் வெயில், இரவுக் குளிர்ச்சி என்று காரணம் கண்டுபிடித்துவிடுவார். அப்படி ஓர் அலை அறைக்குள் கிடையாது. நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று மாற்றிய பிறகுதான் ரம்பப்பல் போன்ற உண்மையான கோடு தெரிந்தது. கம்ப்ரசர் நிற்கும்போது ஏறும், ஓடும்போது இறங்கும்.

அடுத்த சிக்கல் கடிகாரம். புதிய பதிவு வந்த முதல் வாரத்திலேயே அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். "நடுராத்திரி பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறந்திருக்கு. ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை. காவலுக்கு இருக்கறவன் வேலைய காட்டுறான்" என்றார். போனேன். கதவு திறந்ததற்கான முட்கள் கோட்டில் உண்மையாகவே இருந்தன. ஆனால் என் கண் வேறு ஒன்றில் நின்றது. காயிலில் படியும் பனியை உருக்க, குளிர் அறைகளில் ஒரு நாளைக்குச் சில முறை ஹீட்டர் போடுவார்கள். டீஃப்ராஸ்ட் என்பார்கள். இந்த அறையில் ஆறு மணிக்கு ஒரு முறை, தலா 25 நிமிடம். பேனலில் உள்ள நேரங்கள் 6, 12, 6, 12. பதிவிலோ அந்த மேடுகள் ஆறரை, பன்னிரண்டரை என்று அரை மணி தள்ளி விழுந்திருந்தன. லாகர் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆறு மணிக்கு ஒரு முறை வரும் மேடு ஐந்தரை மணி நேரம் பின்னே தள்ளப்பட்டால், அரை மணி முன்னே தள்ளியதுபோல்தான் தெரியும். நடுராத்திரி பன்னிரண்டே முக்கால் என்பது காலை ஆறேகால். ஓட்டல்காரர்கள் மீன் எடுக்க வரும் நேரம். காவலாளியிடம் அண்ணாச்சி என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

இந்த டீஃப்ராஸ்ட் மேடு நல்ல கலங்கரை விளக்கம். பேனலில் இருக்கும் நேரத்தோடு அது பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும். அதைக் கதவு என்று எண்ணி ஏமாறுபவர்களும் உண்டு. வடிவத்தைப் பார்த்தால் ஏமாற வேண்டியதில்லை. டீஃப்ராஸ்ட் மெல்ல ஏறும், தினமும் ஒரே நேரத்தில் வரும். கதவு செங்குத்தாக ஏறும், நேரம் காலம் பார்க்காது. கம்ப்ரசர் மும்முரமாக ஓடி வெப்பநிலை இறங்கிக்கொண்டிருக்கும்போதேகூடச் சட்டென்று எகிறும். நேரத்தைத் திருத்திய பிறகு ஒரு காலைப் பொழுதின் சில வரிகள் இப்படி இருந்தன:

```
06:41  -20.9
06:42  -21.2
06:43  -18.0
06:44  -15.6
06:45  -14.7
06:46  -16.4
06:47  -17.8
06:48  -18.6
```

6:42 வரை இறக்கம். அதாவது கம்ப்ரசர் ஓடுகிறது. அடுத்த ஒரு நிமிடத்தில் மூன்று டிகிரிக்கு மேல் ஏற்றம். கம்ப்ரசர் நின்றிருந்தாலும் இந்த அறை தானாக நிமிடத்துக்கு 0.15 டிகிரிதான் ஏறும். இருபது மடங்கு வேகத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். 6:45-இல் உச்சம், உடனே இறக்கம், ஆகவே அப்போது கதவை மூடிவிட்டார்கள். திறந்திருந்தது இரண்டு, மூன்று நிமிடம்.

உச்சத்தின் உயரத்தைப் பார்த்துப் பயப்படுவது வழக்கம். மைனஸ் 14.7 என்றதும், மீன் அந்த அளவுக்குச் சூடாகிவிட்டதோ என்று தோன்றும். இல்லை. வெப்பமானி தொங்குவது காற்றில். அறையின் முப்பது கன மீட்டரும் காற்று என்றே வைத்துக்கொண்டாலும் அதன் எடை ஏறக்குறைய 42 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க 42 கிலோஜூல் போதும். ஆறு டன் உறைந்த மீனை ஒரு டிகிரி ஏற்றப் பன்னிரண்டாயிரம் கிலோஜூலாவது வேண்டும். காற்று துள்ளும்போது மீன் அசைவதே இல்லை. ஊசி மருந்து வைக்கும் பெட்டிகளில் வெப்பமானியைக் கிளைகால் நிரப்பிய சிறு புட்டிக்குள் முக்கி வைப்பது இதனால்தான். காற்றின் துள்ளலை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் பொருள் எப்படி இருக்கும் என்று அது காட்டும். ஆனால் கதவைப் பிடிக்க நினைப்பவருக்குப் புட்டி உதவாது. துள்ளுகிற காற்றுதான் அவருக்குச் சாட்சி.

அந்த வேகமான இறக்கத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 6:45-க்கும் 6:48-க்கும் இடையில் ஏறக்குறைய நான்கு டிகிரி இறங்கியது கம்ப்ரசரின் திறமையால் அல்ல. உள்ளே நுழைந்த சூட்டைக் குளிர்ந்த மீன் பெட்டிகளும் சுவர்களும் உறிஞ்சிக்கொண்டன. காற்று தப்பித்தது, சூடு அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைக் கம்ப்ரசர் அடுத்த ஒரு மணி நேரத்தில் கூடுதலாக ஓடித்தான் வெளியேற்ற வேண்டும். எனவே ஒரு திறப்பின் விலையை முள்ளின் உயரத்தில் தேடக் கூடாது. அதற்குப் பின் வரும் ஓட்டங்கள் எவ்வளவு நீண்டன என்பதில் தேட வேண்டும்.

கடலோர ஊர் என்றால் அந்த விலை இன்னும் அதிகம். முப்பது டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ காற்றில் இருபது கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்றை மைனஸ் 20 வரை குளிர்விக்க ஏறக்குறைய 50 கிலோஜூலை எடுக்க வேண்டும். அதிலுள்ள இருபது கிராம் ஆவி பனியாகும்போது வெளிவிடும் வெப்பம் 57 கிலோஜூல். ஈரம் கொண்டுவரும் சுமை காற்றின் சூட்டைவிட அதிகம், அதோடு அது காயிலில் பனியாக ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. வெப்பமானிக்கு இந்த ஈரம் நேராகத் தெரியாது.

அண்ணாச்சிக்கு யார் திறக்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. எப்போது என்பதை மட்டும்தான் பதிவு சொல்லும். அந்த 'எப்போது'வே போதுமானதாக இருந்தது. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முட்கள் நெருக்கமாக விழுந்தன. ஒவ்வோர் ஆட்டோ வரும்போதும் ஒரே ஒரு பெட்டிக்காகக் கதவு திறக்கப்பட்டது. இரவே ஆர்டர்களைச் சேர்த்து எடுத்து ஐஸ் பெட்டியில் வைக்கலாமே என்று அங்கே வேலை செய்யும் பையன்களில் ஒருவனே சொன்னான்.

இனி கம்ப்ரசர். அதற்குப் பகல் பதிவை விட்டுவிட வேண்டும். இரவு இரண்டு முதல் நான்கு வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்தேன். அப்போது கதவு திறக்காது, சரக்கு ஏறாது, நடுராத்திரி டீஃப்ராஸ்ட் முடிந்து அறை பழைய நிலைக்கு வந்திருக்கும். தினமும் அதே இரண்டு மணி நேரத்தைப் பார்த்தால், காயிலில் படிந்த பனியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்.

மார்ச் தொடக்கத்தில் மைனஸ் 22-லிருந்து மைனஸ் 19-க்கு ஏற 20 நிமிடம், இறங்க 10 நிமிடம். ஏப்ரல் நடுவில் ஏற அதே 20, இறங்க 15. கம்ப்ரசர் பலமிழக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது, இல்லையா? கதவின் ரப்பர் கேஸ்கெட் கிழிந்திருந்தாலும் இறக்கம் பதினைந்து நிமிடமாக நீளும். உள்ளே வரும் சூடு கூடினால், நல்ல கம்ப்ரசரும் மெதுவாகத்தான் இறக்கும். இறக்கத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

இதை விளக்க நான் வள்ளத்தைத்தான் சொல்வேன். ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் இறைக்கிறார், ஓய்கிறார், மறுபடி இறைக்கிறார். ஓயும்போது தண்ணீர் ஏறும் வேகம் கசிவின் அளவு மட்டுமே. இறைக்கும்போது தண்ணீர் இறங்கும் வேகம், இறைப்பவரின் பலத்திலிருந்து கசிவைக் கழித்தால் வருவது. அப்படியானால் இரண்டு வேகங்களையும் கூட்டினால் கசிவு அடிபட்டுப்போகும், இறைப்பவரின் பலம் மட்டும் மிஞ்சும். அவரை நேரில் பார்க்காமலே, தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்து, கை ஓய்ந்தது எவ்வளவு, ஓட்டை பெரிதானது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடலாம்.

குளிர் அறையிலும் அதுதான் கணக்கு. மார்ச்சில் மூன்று டிகிரி ஏற 20 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 0.15. இறங்க 10 நிமிடம் என்றால் 0.30. கூட்டினால் 0.45. ஏப்ரலில் ஏற்றம் அதே 0.15, இறக்கம் 0.20, கூட்டினால் 0.35. கசிவு மாறவில்லை, இறைக்கும் பலம் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் போய்விட்டது. இதுவே கேஸ்கெட் கிழிந்த கதையாக இருந்திருந்தால் ஏறும் நேரம் 20-லிருந்து 12 நிமிடமாகக் குறைந்திருக்கும். அதாவது 0.25. இறக்கம் அதே 15 நிமிடம், 0.20. கூட்டினால் பழைய 0.45. பலம் குறையவில்லை, சூடுதான் அதிகம் வருகிறது. இரண்டு கதையிலும் இறங்கும் நேரம் ஒன்றே. ஏறும் நேரம்தான் காட்டிக்கொடுக்கும்.

மே முதல் வாரத்தில் ஏற 19 நிமிடம், இறங்க 30 நிமிடம். 0.16-உம் 0.10-உம் சேர்ந்து 0.26. இப்போதும் இரவு முழுவதும் வெப்பநிலை மைனஸ் 22-க்கும் 19-க்கும் நடுவில்தான் இருந்தது. இருக்காமல் எப்படி? தெர்மோஸ்டாட்டின் வேலையே அதுதான். பலமில்லாத கம்ப்ரசரை அதிக நேரம் ஓட வைத்து அதே எண்களைக் கொண்டுவந்துவிடும். மார்ச்சில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடிய இயந்திரம், இப்போது பத்தில் ஆறு பங்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வித்தியாசம் வெப்பநிலையில் இல்லை, கரன்ட் பில்லில் இருந்தது. கரன்ட் பில்லை வெயில்மேல் போட்டார்கள். பகலில் கதவுச் சுமையும் சேர்ந்தபோதுதான் ஓடியும் போதாமல் மதியம் மூன்று மணிக்குக் காற்று மைனஸ் 17-இல் நின்றது. அப்போதும் அலாரம் அடிக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் கத்தித் தொல்லை செய்கிறது என்று, மைனஸ் 15-க்கு மேல் அரை மணி நேரம் இருந்தால்தான் அடிக்கும்படி அதை மாற்றி வைத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கு எங்கெல்லாம் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வள்ளம் சின்னதாக இருந்தால் அதே கசிவுக்குத் தண்ணீர் வேகமாக ஏறும். அறையில் சரக்கு குறைந்தாலும் அப்படித்தான். ஏற்றம், இறக்கம் இரண்டுமே வேகமாகி, கம்ப்ரசர் திடீரென்று பலம் பெற்றதுபோல் காட்டும். அதனால் ஏறக்குறைய ஒரே அளவு சரக்கு இருந்த இரவுகளைத்தான் ஒப்பிட வேண்டும். புதிதாக வந்த மீன் இன்னும் உறைந்துகொண்டிருக்கும் இரவை ஒதுக்கிவிட வேண்டும். வெளியே வெப்பம் கூடினால் கண்டன்சர் சூட்டை வெளியே தள்ளச் சிரமப்படும், கம்ப்ரசரின் பலம் உண்மையிலேயே கொஞ்சம் குறையும். அது நோய் இல்லை, பருவம். ஆனால் மார்ச் இரவுக்கும் மே இரவுக்கும் உள்ள சில டிகிரி வித்தியாசம் 0.45-ஐ 0.26 ஆக்காது.

இன்னொரு பெரிய எல்லை உண்டு. குளிர் குறைவாக உற்பத்தியாகிறது என்று மட்டுமே பதிவு சொல்லும். ஏன் என்று சொல்லாது. கண்டன்சரில் தூசி அடைத்திருக்கலாம், கேஸ் கசிந்திருக்கலாம், காயிலின் மின்விசிறி நின்றிருக்கலாம், கம்ப்ரசரே தேய்ந்திருக்கலாம். ஒன்றை மட்டும் பதிவிலிருந்தே ஒதுக்கிவிட முடிந்தது. காயிலில் பனி அடைப்புதான் காரணம் என்றால், டீஃப்ராஸ்ட் முடிந்த கையோடு பலம் கூடி, அடுத்த டீஃப்ராஸ்ட் நெருங்க நெருங்கக் குறைய வேண்டும். இரவு ஒன்றரை மணிச் சுற்றையும் ஐந்து மணிச் சுற்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டேன். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன.

வந்த மெக்கானிக், "கேஸ் ஏத்திட்டாப் போதும் அண்ணாச்சி" என்றுதான் ஆரம்பித்தார். குளிர் குறைந்தால் கேஸ் என்பது இந்தத் தொழிலின் அனிச்சைச் செயல். கேஜை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். கேஸ் குறைந்திருந்தால் உறிஞ்சும் பக்கம், தள்ளும் பக்கம் இரண்டிலும் அழுத்தம் குறைவாக இருக்கும். கண்டன்சர் அடைத்திருந்தால் தள்ளும் பக்கத்தில் எகிறும். இங்கே உறிஞ்சும் பக்கம் வழக்கத்தைவிட அதிகம், தள்ளும் பக்கம் குறைவு, மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் குறைவு. மோட்டார் சுற்றுகிறது, வேலை நடக்கவில்லை. மெக்கானிக் முகம் மாறியது. உறிஞ்சும் பக்க வால்வை மூடிக் கம்ப்ரசரை ஓடவிட்டார். ஆரோக்கியமான கம்ப்ரசர் அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் வெறுமையாக்கிவிடும். இது பாதி வழியில் நின்றது. நிறுத்தியதும் கேஜ் முள் கடகடவென்று மேலே ஏறியது. தள்ளிய கேஸ் உள்ளுக்குள்ளேயே திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

தலையைக் கழற்றினார். பிஸ்டனுக்கு மேலே, கேஸை ஒரு வழியாக மட்டும் விடும் மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். அதில் ஒன்று நுனி உடைந்து கிடந்தது, இன்னொன்றில் விரிசல். ஆவியாகாத திரவம் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குள் வந்து அடித்தால் இப்படி ஆகும் என்றார். ஆவியாகாமல் வந்ததற்கான காரணத்தையும் தேட வேண்டும் என்று விரிவாக்க வால்வின் உணர்குமிழைத் தடவிப் பார்த்தார். அதைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டை தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, மேலே இன்சுலேஷனைச் சுற்றினார். வால்வு பிளேட்டை மாற்றி, வெற்றிடம் இழுத்து, கேஸ் நிரப்பி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை கதவைத் திறக்க அண்ணாச்சி யாரையும் விடவில்லை. அந்த ஏழு மணி நேரத்தில் காற்று மைனஸ் 15-ஐத் தொட்டது. பெட்டிக்குள் துளையிட்டுச் செருகிப் பார்த்த மீனின் நடுப்பகுதி மைனஸ் 18.6-இல் இருந்தது.

மறுநாள் இரவுப் பதிவை அனுப்பினார். ஏற 19 நிமிடம், இறங்க 11. 0.16-உம் 0.27-உம் சேர்த்தால் 0.43. அவருக்கு இப்போது கூட்டல் பழகிவிட்டது. "மார்ச்ல 0.45 இருந்துச்சே, அந்த 0.02 எங்க போச்சு? மெக்கானிக்குக்கு மிச்சப் பணத்தக் கொடுக்கவா வேண்டாமா?" என்று கேட்டார். மே மாத இரவு, கண்டன்சர் சுடுகிறது, கொடுத்துவிடுங்கள், டிசம்பரில் மறுபடி கூட்டிப் பார்ப்போம் என்றேன்.